அப்பா பெயரில் கார், ஓட்டுவது மகன்: அந்த 15 லட்சம் யாருக்கு?

கேள்வி: எங்கள் கார் அப்பா பெயரில் இருக்கிறது. வாங்கி 3 வருடம் 4 மாதம் ஆகிறது, கடன் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு வயது 69, லைசென்ஸ் காலாவதியாகிப் புதுப்பிக்கவில்லை. ஓட்டுவது நானும் மனைவியும்தான். போன மாதம் மீடியனில் இடித்து 60,000 ரூபாய் பில் வந்தது. கம்பெனி 43,500 மட்டும் கொடுத்தது. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லித்தானே விற்றார்கள்? இப்போது புதுப்பிக்க மூன்று வாரம் இருக்கிறது. தேய்மானம் பிடிக்காத ‘ஜீரோ டெப்’ போட்டால் 2,900 கூடுதல் என்கிறார் ஏஜென்ட். ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் கட்டாயம், அதை நீக்க முடியாது என்கிறார். போன வருடமும் கட்டினோம். என் பைக்குக்கும் தனியாக அதைக் கட்டியிருக்கிறேன். எது தேவை, எது வேண்டாம்?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: நீங்கள் பில்லைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 15 லட்சம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஓனர் டிரைவர் காப்பீடு என்பது வண்டியை யார் ஓட்டினாலும் அவருக்கு வரும் காப்பீடு இல்லை. பெயரே சொல்கிறது, உரிமையாளராகவும் இருக்க வேண்டும், ஓட்டுநராகவும் இருக்க வேண்டும். ஆர்.சி. புக்கில் பெயர் இருக்க வேண்டும், பாலிசியிலும் அதே பெயர் இருக்க வேண்டும், விபத்து நடந்த அன்று செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பணம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. உங்களுக்கு மூன்றாவது இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை. ஆக, போன வருடம் நீங்கள் கட்டிய பிரீமியத்தால் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் காப்பு இல்லை.

ஏஜென்ட் சொல்லும் ‘கட்டாயம்’ பாதி உண்மை. முன்பு இந்தக் காப்பீடு காருக்கு 2 லட்சம், இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம் என்றுதான் இருந்தது. இந்தக் காலத்துக்கு அது போதாது என்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2018-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதைக் குறைந்தது 15 லட்சம் என்று உயர்த்தியது. அது கட்டாயம்தான், ஆனால் தகுதி உள்ளவருக்கு. உரிமையாளரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் இந்தக் காப்பீட்டைத் தரக்கூடாது, பிரீமியமும் வாங்கக்கூடாது, பாலிசியிலிருந்து அந்தப் பகுதியையே நீக்க வேண்டும் என்று மோட்டார் டாரிஃப் விதியே சொல்கிறது. கம்பெனி பெயரில் உள்ள கார்களுக்கும் இதே கதைதான். அப்பாவிடம் லைசென்ஸ் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஏஜென்ட் அதை நீக்கித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு வேறிடத்தில் வைத்திருப்பவர்களும் இதே மாதிரி எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கலாம்.

பைக்குக்குக் கட்டியிருக்கிறீர்களே, அது காரில் போகும்போது உதவுமா? உதவாது. பைக் பாலிசியோடு சேர்த்து வாங்கியது அந்த பைக்குக்கு மட்டும். இதையே தனிப் பாலிசியாக வாங்கினால் உங்கள் பெயரில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். ஆனால் அப்பா பெயரில் உள்ள கார் உங்கள் வண்டி ஆகாது.

சரி, நீங்கள் ஓட்டும்போது விபத்து நடந்து உங்களுக்கு ஏதாவது ஆனால்? எதிரே வந்த லாரியின் மீது தப்பு என்றால் அந்த லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உங்கள் குடும்பம் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் போன மாதம் மாதிரி நீங்களே மீடியனில் இடித்தால், கேட்க ஆள் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு என்பது ரோட்டில் போகும் மற்றவர்களுக்கு. ஓட்டும் நீங்கள் அந்த ‘மற்றவர்’ கணக்கில் வரமாட்டீர்கள். கர்நாடகத்தில் ஒருவர் தெரிந்தவரின் பைக்கை வாங்கிக்கொண்டு போனார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டு வண்டி திடீரென்று நின்றது, மோதி இறந்துவிட்டார். அந்த பைக்கின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் குடும்பம் இழப்பீடு கேட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம், வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அதனால் தப்பு யாருடையது என்று பார்க்காமல் தரும் அந்த இழப்பீட்டை அதே வண்டியின் இன்சூரன்ஸில் கேட்க முடியாது என்றது. 2020-லும் இன்னொரு வழக்கில் அதையே உறுதி செய்தது. இழப்பீடு என்று வரும்போது உரிமையாளர் இடத்தில் வைக்கிறார்கள். ஓனர் டிரைவர் பணம் என்று வரும்போது ‘நீங்கள் உரிமையாளர் இல்லையே’ என்கின்றன கம்பெனிகள். இரண்டு கதவும் மூடிக்கொள்ளும் இடத்தில்தான் அப்பா காரை ஓட்டும் மகன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சர்வேயர், வண்டிச் சேதத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நொறுங்கிய வண்டியைப் பார்க்கப் போகும்போது குடும்பத்தாரும் வந்து நிற்பார்கள். ஒருமுறை ஒரு பெண், பாலிசியை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்து எடுத்து வந்திருந்தார். ‘15,00,000’ என்று அச்சாகியிருந்த இடத்தில் யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். இறந்தவர் அவர் கணவர். ஆர்.சி. புக்கில் இருந்ததோ கணவரின் அண்ணன் பெயர். அந்த அண்ணனும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்வது? காருக்கான ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தகுதி எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தக் காப்பீடு எதற்குத் தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தால் 6 மாதத்துக்குள் மரணம் என்றால் முழுத்தொகை. இரண்டு கை, கால் அல்லது இரண்டு கண்பார்வை போனால், அல்லது நிரந்தரமாக முழுமையாகச் செயலிழந்தால் முழுத்தொகை. ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. அவ்வளவுதான். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்து, மூன்று மாதம் படுத்து, இரண்டரை லட்சம் ஆஸ்பத்திரி பில் ஆனால் இதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதற்கு உங்கள் மருத்துவக் காப்பீடுதான். குடித்திருந்தாலும் வராது.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். 16,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டதில் ஏமாற்று எதுவும் இருக்க வாய்ப்பில்லை. எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் அசெஸ்மென்ட் ஷீட்டை நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் இந்த வயது ஹேட்ச்பேக்கில் மீடியனில் முன்பக்கம் இடித்தால் பில் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று தெரியும், அதனால் போட்டுக் காட்டுகிறேன். பம்பர், கிரில், ஒரு ஹெட்லைட் என்று பிளாஸ்டிக் சாமான் 16,000. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் எல்லாவற்றுக்கும் வண்டி புதிதோ பழையதோ பாதி தேய்மானம், 8,000 போயிற்று. பானெட், ஃபெண்டர், உள்ளே உள்ள கிராஸ் மெம்பர் என்று இரும்பு 16,000. இரும்புக்கு வண்டியின் வயதுதான் கணக்கு. முதல் ஆறு மாதம் ஒன்றும் இல்லை, அப்புறம் 5, 10, 15 சதவீதம் என்று ஏறி, 3 வருடம் தாண்டியதும் 25 சதவீதம் ஆகிவிடும், 4,000 போயிற்று. முன்கண்ணாடி 6,000, கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, முழுசாக வரும். பெயின்டிங் 12,000. இதில் கால் பங்கு, அதாவது 3,000, பெயின்ட் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதி பிடிப்பார்கள், 1,500. வேலைக்கூலி 8,000 முழுசாகக் கொடுப்பார்கள். கூலன்ட், ஏசி கேஸ், கிளிப், போல்ட் என்று 2,000, அது மொத்தமும் உங்கள் கணக்கு. கடைசியில் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கூட்டிப் பாருங்கள், 16,500 வருகிறது.

உங்கள் ஷீட்டில் வரிகள் கொஞ்சம் மாறியிருக்கலாம், வாங்கிப் பாருங்கள். கேட்டால் தருவார்கள். பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: எந்தச் சாமானை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று. இரும்பு ஃபெண்டரைத் தவறுதலாகப் பிளாஸ்டிக் பத்தியில் போட்டுவிட்டால் 25 சதவீதம் 50 ஆகிவிடும். நாங்களும் மனிதர்கள்தான், மாதக் கடைசியில் இது நடக்கும்.

ஜீரோ டெப் இருந்திருந்தால் இதே பில்லில் தேய்மானமாகப் போன 13,500 திரும்பியிருக்கும். கூலன்ட், கிளிப் 2,000-மும் கழிவு 1,000-மும் அப்போதும் உங்கள் பாடுதான். 57,000 வந்திருக்கும். அதற்கு விலை 2,900. நகரத்தில் தினமும் ஓடும், இரண்டு பேர் ஓட்டும் கார், இன்னும் ஐந்து வயது ஆகவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடுவேன். பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வருடம் வரைதான் தருகின்றன, சில ஏழு வரை. வயது ஏற ஏற இதன் பயனும் கூடும், ஏனென்றால் நான்கு வருடம் தாண்டினால் இரும்புக்கு 35 சதவீதம். ஆனால் போன பாலிசியில் இல்லாததைப் புதிதாகக் கேட்கிறீர்கள் என்பதால் வண்டியைப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள், சிலர் முடியாது என்றும் சொல்வார்கள். பழைய கீறலை எல்லாம் சரிசெய்துவிட்டு, கடைசி நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேளுங்கள்.

இதை ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லி விற்பதால் எல்லாமே அடங்கிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜீரோ டெப் செய்வது ஒரே ஒரு வேலை: தேய்மானம் பிடிக்காமல் விடுவது. பாலிசி முதலில் ஒத்துக்கொள்ளாத சேதத்தை அது ஒத்துக்கொள்ள வைக்காது. வருடத்துக்கு இரண்டு கிளெய்ம் என்று எல்லை வைத்திருக்கும் பாலிசிகள் நிறைய. வண்டி மொத்தமாகப் போனால் அதற்கு வேலையே இல்லை. உங்கள் கார் 6 லட்சத்துக்கு வாங்கியது என்றால் இப்போது ஐ.டி.வி., அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு, 3.6 லட்சம் அளவில் இருக்கும். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 2.7 லட்சத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று ஐ.டி.வி.யைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஜீரோ டெப் போட்டிருந்தாலும் அதே தொகைதான்.

மேடவாக்கம் என்று எழுதியிருப்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நான் பார்த்த கார்களை வரிசையாக நிறுத்தினால் உங்கள் பேட்டைத் தெருக்கள் போதாது. வெள்ளம் பாலிசியில் அடங்கும். நின்ற காரில் தண்ணீர் ஏறி சீட், கார்பெட், வயரிங் எல்லாம் போனால் கிளெய்ம் உண்டு. தகராறு வருவது எஞ்சினில். தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைப் பிரித்ததும் வளைந்த ராடும் ஏர் ஃபில்டரில் படிந்த சேற்றுக் கோடும் நடந்ததைச் சொல்லிவிடும். வெள்ளம் எஞ்சினை உடைக்கவில்லை, ஸ்டார்ட் செய்ததுதான் உடைத்தது, இது பின்விளைவுச் சேதம் என்று கம்பெனி அந்தப் பகுதியை மட்டும் தள்ளுபடி செய்யும். ஒன்றரை லட்சம் எஞ்சின் பில்லுடன் ‘ஜீரோ டெப் போட்டிருக்கேனே சார்’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஸ்பீட் பிரேக்கரில் அடிபட்டு ஆயில் சம்ப் உடைவதும் இப்படித்தான். சம்ப் உடைந்தது விபத்து, கிடைக்கும். ஆயில் லைட் எரிந்த பிறகும் வீடுவரை ஓட்டி எஞ்சின் சிக்கிக்கொண்டால் சம்ப்புக்கு மட்டும்தான் பணம்.

இதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்றால் ஜீரோ டெப்பை விடவும் இதுதான் முதலில். அது இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்துக் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப் கொண்டு போங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கிளெய்ம் வாங்கியதால், கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகத் தரும் என்.சி.பி. தள்ளுபடி அடுத்த வருடத்துக்கு உங்களுக்குப் பூஜ்யமாகிவிட்டது. அதில் வருத்தம் இருக்கும். ஆனால் இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. என்.சி.பி. வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது. அப்பா உயிரோடு இருக்கும்போது காரை உங்கள் பெயருக்கு மாற்றினால் அவருடைய தள்ளுபடி உங்களுக்கு வராது. 45, 50 சதவீதம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் பெயர் மாற்றத் தயங்குவது இதனால்தான். உங்களுக்கோ இழக்க ஒன்றும் இல்லை. ஆர்.சி.யை மாற்ற இதைவிட நல்ல வருடம் கிடைக்காது.

வரிசையைக் கலைத்துவிடாதீர்கள். முதலில் அப்பா பெயரிலேயே, நாள் தவறாமல் பாலிசியைப் புதுப்பியுங்கள், ஓனர் டிரைவர் பகுதி இல்லாமல். அப்புறம் ஆர்.டி.ஓ.வில் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்த இடைவெளியில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். ஆர்.சி. மாறி பாலிசி மாறாமல் இருந்தால் மூன்றாம் நபர் காப்பு மட்டும் சட்டப்படி தொடரும். உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்டால், பாலிசியில் இருப்பவருக்கு வண்டி சொந்தம் இல்லை என்று மறுப்பார்கள். பாலிசியில் பெயர் மாற்றும் அதே கடிதத்தில் உங்களுக்கான 15 லட்சத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது அது நிஜமாகவே உங்களுடையது.

பெயர் மாற்றினாலும் உங்கள் மனைவி ஓட்டும்போது அவருக்கு அந்த 15 லட்சம் கிடையாது. அவருக்கும், பெயர் மாறும்வரை உங்களுக்கும், வண்டியோடு ஒட்டாத சாதாரணத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள். யார் வண்டியை ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும், மாடிப்படியில் விழுந்தாலும் அது பேசும். ‘சரல் சுரக்ஷா பீமா’ என்று எல்லா கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் பாலிசி ஒன்று இருக்கிறது, இரண்டரை லட்சம் முதல் ஒரு கோடி வரை. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் விபத்து ஆஸ்பத்திரிச் செலவிலும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு 70 வயது வரை சேரலாம் என்பதால் அப்பாவையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஆர்.சி. அவர் பெயரில் இருக்கும்வரை அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாலும் ஓட்டை இருக்கிறது. உரிமையாளர் தன் வண்டியிலேயே பயணியாகப் போய்க் காயப்பட்டபோது, சொந்த உடலுக்கான இழப்பீட்டை அந்த வண்டியின் பாலிசி தராது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பயணிகளாக அந்தச் சிக்கல் இல்லை.

விண்ணப்பத்தில் நாமினி என்று ஒரு கட்டம் இருக்கும். ஏஜென்ட்கள் அவசரத்தில் அதை ‘சட்டப்படியான வாரிசு’ என்று நிரப்பிவிடுவார்கள். அப்படி விட்டால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நடக்க வேண்டியது உங்கள் மனைவி. அவர் பெயரை, ஆதாரில் இருக்கும் அதே எழுத்துகளில், நீங்களே எழுதிக் கொடுங்கள்.